மரதன் ஓட்டத்தை யார் நிறுத்துவது? விளையாட்டு விழாவுக்குப் பொறுப்பு அட்டவணை அமைக்கும் மூன்று வழிகள்

தை பிறந்ததும் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். முதற்கூட்டத்தில் உபகுழுக்கள் அமைக்கப்படும். வரவேற்புக் குழு, மைதானக் குழு, பரிசில் குழு, சிற்றுண்டிக் குழு, முதலுதவிக் குழு என்று ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து ஆசிரியர்களின் பெயர்கள் எழுதப்பட்டு, அந்தப் பட்டியல் ஆசிரியர் ஓய்வறையில் ஒட்டப்படும். யார் யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரியும். ஒரு வேலையை யார் செய்வது, அது சரிதான் என்று யார் சொல்வது, செய்வதற்கு முன் யாரைக் கேட்பது, முடிந்த பின் யாருக்குச் சொல்வது என்ற நான்கும் அதில் தெரிவதில்லை. இந்த நான்கையும் பிரித்து எழுதும் அட்டவணையை மேலாண்மைத் துறையில் ரேசி அட்டவணை என்பார்கள். அதைப் பாடசாலை நிகழ்வு ஒன்றுக்கு எந்த அளவில், எந்த வடிவில் அமைப்பது பயன் தரும் என்பதையே இங்கு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பொதுவாகப் பேசினால் மூன்று வழிகளுமே நன்றாகத்தான் தோன்றும் என்பதால், விழாவின் ஒரேயொரு பகுதியை எடுத்துக்கொண்டு அதில் ஒவ்வொரு வழியும் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது மரதன் ஓட்டம். பிரதான விழாவுக்கு ஒரு வாரத்துக்கு முன்பாக, ஒரு காலை வேளையில், பாடசாலை வளாகத்துக்கு வெளியே பொது வீதியில் நடக்கும் போட்டி அது. மாணவர்கள் ஆசிரியர்களின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஓடுகிறார்கள். பொலிஸ், வைத்தியசாலை, பெற்றோர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகிய நான்கு தரப்பும் அதில் சம்பந்தப்படுகின்றன. 2024 மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தியை நாம் எல்லோரும் வாசித்தோம். அதற்குப் பிறகும் மரதனை மைதானக் குழுவின் பல வேலைகளில் ஒன்றாக எழுதிவிட்டுப் போவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

எடுத்துக்காட்டுக்கு, தரம் 11 வரை உள்ள இரண்டாம் வகைப் பாடசாலை ஒன்றை வைத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் 21 பேர். அவர்களில் 13 பேர் வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். மீதி 8 பேர் ஆசிரியர் விடுதியிலோ அதே ஊரிலோ இருக்கிறார்கள். மரதனில் 64 மாணவர்கள் ஓட இருக்கிறார்கள். பாதை 5 கிலோமீற்றர். நான்கு சந்திகளைக் கடக்கிறது. அதில் ஒரு பகுதி வாகனங்கள் வேகமாகச் செல்லும் பிரதான வீதி.

முதலாவது வழி, இப்போது உள்ளபடி உபகுழுப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது. இதை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. எல்லோருக்கும் பழக்கமானது, ஒரு கூட்டத்தில் முடிந்துவிடும், எவருக்கும் மனத்தாங்கல் வராது. சிற்றுண்டி, கொடிகள், பந்தல் அலங்காரம் போன்ற வேலைகளுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஒரு குழு தொடங்கி அதே குழு முடிக்கிற வேலைகள் அவை. குழுவுக்குள் யார் எதைச் செய்கிறார்கள் என்பதை அவர்களே பேசிக்கொள்வார்கள்; பிழைத்துப்போனாலும் நட்டம் சிறிது.

மரதனில் இந்தப் பட்டியல் எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்க்க, ஒரு கேள்வியைக் கேட்டாற் போதும். காலை 6.30க்கு மாணவர்கள் கோட்டில் நிற்கிறார்கள். முதலுதவிக்கு வருவதாக இருந்தவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஓட்டத்தைத் தொடங்கலாமா, கூடாதா? மைதானக் குழு தொடங்க ஆயத்தமாக நிற்கும். முதலுதவிக் குழு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும். அதிபர் வழியில் இருப்பார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். பட்டியலில் எல்லோருடைய பெயரும் உண்டு. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவரின் பெயர் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் யாருடைய குரல் உரத்து ஒலிக்கிறதோ அவர் முடிவெடுப்பார். அவர் தவறானவர் என்று சொல்ல வரவில்லை. அவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று எவரும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை என்பதே குறை.

இரண்டாவது வழி, விழா முழுவதற்கும் பெரிய அட்டவணை ஒன்று போடுவது. அழைப்பிதழ் அச்சிடுவதிலிருந்து கதிரைகளைத் திருப்பிக் கொடுப்பது வரை எல்லா வேலைகளையும் இடப்பக்கம் வரிசையாக எழுதி, மேலே பதவிகளை எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு அடையாளங்களில் ஒன்றை இடுவது. செய்பவருக்குச் ‘செ’, ஒப்புதல் தருபவருக்கு ‘ஒ’, முடிவுக்கு முன் கேட்கப்பட வேண்டியவருக்குக் ‘கே’, அறிவிக்கப்பட வேண்டியவருக்கு ‘அ’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆலோசனை, அறிவித்தல் என்ற இரண்டுக்கும் ‘ஆ’, ‘அ’ என்று போட்டால் கையெழுத்தில் ஒன்று மற்றதாகத் தெரியும். அதைத் தவிர்ப்பது நல்லது.

முழு அட்டவணையில் எதுவும் விடுபடாது என்பது உண்மை. ஆனால் ஓர் இல்ல மெய்வல்லுநர் போட்டியின் வேலைகளை நேர்மையாக எழுதினால் ஐம்பது அறுபது வரிகள் வந்துவிடும். பதவிகள் பத்து என்றால் ஐந்நூறு, அறுநூறு கட்டங்கள். அதை ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பேசி நிரப்ப முடியாது. யாரோ ஒருவர் வீட்டில் இருந்து நிரப்பிக்கொண்டு வருவார். அப்படி நிரப்பப்படும் அட்டவணையில் இரண்டு நோய்கள் தவறாமல் தெரியும். ஒன்று, ‘ஒ’ என்ற அடையாளம் எல்லா வரியிலும் அதிபருக்கே போய்விடும், ஏனென்றால் அப்படி எழுதினால் எவரும் மறுக்கமாட்டார்கள். மற்றது, எவரையும் விட்டுவிடக் கூடாது என்ற மரியாதைக்காகக் ‘கே’ எங்கும் நிறைந்துவிடும். பார்வைக்கு நிறைவாக இருக்கும். நடைமுறையில், ஒலிபெருக்கிக்காரரிடம் முற்பணம் கொடுக்க ஐந்து பேரைக் கேட்க வேண்டியிருக்கும். பெரிய பாடசாலையில், விழாவுக்கென்றே ஒரு செயலாளரை விடுவித்துக் கொடுக்க முடியுமானால், இந்த வழி தாங்கும். 21 ஆசிரியர்கள் பாடமும் நடத்திக்கொண்டு விழாவும் செய்கிற இடத்தில் அது ஒட்டப்பட்ட இடத்திலேயே இருந்துவிடும்.

மூன்றாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன். உபகுழுப் பட்டியல் அப்படியே இருக்கட்டும். அதனோடு, ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குக் கைமாறுகிற வேலைகள், பாடசாலைக்கு வெளியே உள்ள அலுவலகம் ஒன்றின் இசைவு வேண்டிய வேலைகள், மாணவரின் உயிருக்கோ சங்கத்தின் பணத்துக்கோ பாதிப்பு வரக்கூடிய வேலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சிறிய அட்டவணை. முழு விழாவுக்கும் பதினைந்து வரிகளுக்கு மேல் போகாது. அவற்றில் மரதனுக்கு உரிய ஏழு வரிகள் கீழே இருக்கின்றன.

| வேலை | அதிபர் | பிரதி அதிபர் | விளையாட்டுப் பொறுப்பாசிரியர் | முதலுதவிப் பொறுப்பாசிரியர் | வகுப்பாசிரியர்கள் | அபிவிருத்திச் சங்கப் பிரதிநிதி |
|---|---|---|---|---|---|---|
| பாதையைத் தெரிவுசெய்து வரைபடம் வரைதல் | ஒ | அ | செ | கே | அ | கே |
| பெற்றோர் சம்மதமும் உடல்நல விபரமும் சேர்த்தல் | – | ஒ | அ | கே | செ | – |
| பொலிஸ் அனுமதி பெறுதல் | ஒ | செ | கே | – | – | அ |
| சந்திகளில் ஆட்களை நிறுத்துதல் | – | ஒ | கே | அ | – | செ |
| ஓட்டத்தைத் தொடங்குதல் அல்லது தள்ளிவைத்தல் | அ | ஒ | செ | கே | அ | அ |
| ஓடுபவரை இடையில் நிறுத்துதல் | அ | அ | செ | ஒ | – | – |
| முடித்தவர்களை எண்ணிக் கணக்கை ஒப்பிடுதல் | அ | அ | ஒ | அ | செ | – |

இதை நிரப்பும் ஒழுங்கு முக்கியம். இயல்பாகக் கை முதலில் ‘செ’ இடவே போகும், ஏனென்றால் யார் செய்வார் என்பதே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு மாறாக ‘ஒ’வை முதலில் இடுங்கள். ஒரு வரிக்கு ஒரேயொரு ‘ஒ’. குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அதன் பின் ‘செ’. செய்பவர் பலராக இருக்கலாம். ஆனால் முன்னின்று செய்பவர் ஒருவராவது பதவியால் அடையாளம் காணப்பட வேண்டும். மூன்றாவதாகக் ‘கே’, கடைசியாக ‘அ’. வேலையின் பெயரையும் செயலாகவே எழுத வேண்டும். ‘மரதன்’ என்று ஒரு வரியை எழுதி அதற்கு நேரே அடையாளம் இட முயன்றால், அதிபர், பிரதி அதிபர், விளையாட்டுப் பொறுப்பாசிரியர் மூவருமே ‘ஒ’வுக்கு உரியவர்களாகத் தோன்றுவார்கள். இப்படி ஒரு வரியில் இருவருக்கு ‘ஒ’ வேண்டும் என்று தோன்றினால், அந்த வரிக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம். வரியைப் பிரித்தால் சிக்கல் தீரும்.

ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் அப்படிப் பிரிந்தவைதான். ‘ஓட்டத்தை நடத்துதல்’ என்று ஒரே வரியாக எழுதினால், அதற்கு ஒப்புதல் தருபவர் பிரதி அதிபரா, முதலுதவிப் பொறுப்பாசிரியரா என்ற விவாதம் முடியாது. ஓட்டத்தைத் தொடங்குவது பல விடயங்களைச் சேர்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு: சந்திகளில் ஆட்கள் நிற்கிறார்களா, பொலிஸார் வந்துவிட்டார்களா, தண்ணீர் வைக்கப்பட்டுவிட்டதா, முதலுதவி ஆயத்தமா. இதற்குப் பிரதி அதிபர் பொருத்தமானவர். முதலுதவிப் பொறுப்பாசிரியரைக் கேட்காமல் அவர் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று தடுமாறத் தொடங்கினால், அங்கே பல விடயங்களைச் சேர்த்துப் பார்க்க நேரமில்லை. நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். அந்தச் சொல் முதலுதவிப் பொறுப்பாசிரியருடையது. அவர் வயதில் இளையவராகவும் சேவையில் புதியவராகவும் இருக்கலாம். இல்லத்துக்குப் புள்ளி போகிறதே என்று இல்லப் பொறுப்பாசிரியர் வருந்தலாம். அதற்காகத்தான் இது முன்கூட்டி எழுதப்பட்டு அதிபரால் கையொப்பமிடப்பட வேண்டும். பாதையின் நடுவில் நிற்கும் ஓர் ஆசிரியர் தன் மூத்தவர்களோடு வாதாட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படக் கூடாது. அவர் எல்லா இடத்திலும் நிற்க முடியாது என்பதால், மோட்டார் சைக்கிளில் பின்தொடரும் விளையாட்டுப் பொறுப்பாசிரியரும் துணைக்கு வருபவர்களும் அவருடைய பெயரால் நிறுத்தலாம் என்றும், நிறுத்திய பிறகு மீண்டும் ஓடவிடுவது மட்டும் அவருடைய முடிவு என்றும் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்துவிட்டால் போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. பாடசாலையில் நடக்கும் எதற்கும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் அதிபர்தானே, அவரை ஐந்தாவது வரியில் வெறும் ‘அ’ ஆக்குவது எப்படி என்று கேட்பார்கள். அட்டவணை அதிபரின் சட்டப் பொறுப்பைக் குறைப்பதில்லை. வலயக் கல்விப் பணிமனை விளக்கம் கேட்டால் அதிபரையே கேட்கும். அட்டவணை செய்வது வேறொன்று: அந்த நாளில், அந்த இடத்தில், எந்த முடிவை யார் எடுக்கலாம் என்று அதிபர் முன்கூட்டியே ஒப்படைப்பது. எல்லா வரியிலும் அதிபருக்கே ‘ஒ’ என்று எழுதும் வழியையும் பகிர்ந்து எழுதும் வழியையும் ஒப்பிட்டால், முதலாவது ஒழுங்கானதாகத் தோன்றும். ஆனால் அது அதிபர் எல்லா நேரமும் தொடர்பில் இருப்பார் என்பதை நம்பியிருக்கிறது. பிரதான விழா நாளில் அவர் பிரதம விருந்தினரோடு பந்தலில் இருப்பார். மரதன் காலையில் அவர் பாதையின் எந்தப் பகுதியில் இருப்பார் என்று சொல்ல முடியாது; சில கிராமப் பாதைகளில் தொலைபேசிச் சமிக்ஞையும் சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே அதிபரின் ‘ஒ’வை முன்னதாகவே, மேசையில் இருந்து, கடதாசியில் முடிக்கக்கூடிய வேலைகளுக்கு வைத்துக்கொண்டு, களத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளைக் களத்தில் நிற்பவருக்குக் கொடுப்பதே பொருத்தம். மேலே உள்ள அட்டவணையில் அதிபருக்கு இரண்டே இரண்டு ‘ஒ’ இருப்பதன் காரணம் அதுதான்.

‘கே’யும் ‘அ’வும் எளிதாகக் குழம்பிவிடுகின்றன. கேட்பது முடிவுக்கு முன் நடப்பது, அதில் இரு பக்கமும் பேச்சு உண்டு. அறிவிப்பது முடிவுக்குப் பின் நடப்பது, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போவது. ஒருவருக்குக் ‘கே’ இடுவதற்கு முன், அவருடைய பதில் வரும்வரை இந்த வேலையை நிறுத்திவைக்க நாங்கள் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அவருக்கு உரியது ‘அ’. அபிவிருத்திச் சங்கப் பிரதிநிதிக்குப் பாதைத் தெரிவில் ‘கே’ இருப்பது மரியாதைக்காக அல்ல. எந்தச் சந்தியில் காலையில் மணல் ரிப்பர்கள் போகும், எந்த ஒழுங்கையில் கட்டாக்காலி நாய்கள் நிற்கும், மழைக்குப் பின் எந்த மதகில் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் பஸ்ஸில் வந்து போகும் ஆசிரியருக்குத் தெரியாது, ஊரில் இருப்பவருக்குத் தெரியும். கேட்டால் பாதையே மாறக்கூடும். ஆகவே அது உண்மையான ‘கே’. அதே நேரம், கேட்கப்பட்டவரின் கருத்து முடிவைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டோம், யோசித்தோம், வேறு விதமாகத் தீர்மானித்தோம் என்று ‘ஒ’ உடையவர் சொல்லலாம்.

பொலிஸாரை அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்த்து அவர்களுக்குக் ‘கே’ போடுவதைப் பல இடங்களில் செய்யக்கூடும். அது பிழையான இடம். வீதியைப் பயன்படுத்தவும் ஒலிபெருக்கி வைக்கவும் பொலிஸாரின் அனுமதி வேண்டும். அவர்கள் மறுத்தால் அந்த வேலை நடக்காது. அது ஆலோசனை அல்ல, வெளியிலிருந்து வரும் நிபந்தனை. எனவே அனுமதி பெறுவதையே ஒரு வரியாக்கி, கடிதத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பதிலை வாங்கி வருபவருக்குச் ‘செ’ இட்டு, கையொப்பமிடும் அதிபருக்கு ‘ஒ’ இட வேண்டும். வைத்தியசாலையோடு உள்ள தொடர்பும் இப்படித்தான். 1990 நோயாளர் காவு வண்டிச் சேவை அவசர அழைப்புக்கு வருவது; அது இருக்கிறதே என்று எண்ணி, களத்தில் நிற்க வேண்டிய முதலுதவியையும் வாகனத்தையும் ஒழுங்கு செய்யாமல் விட்டால் அட்டவணையில் ஒரு வரி காணாமல் போகிறது. உங்கள் பாடசாலையில் வாகன ஒழுங்கு இன்னொரு குழுவின் கையில் இருக்குமானால், மேலேயுள்ள ஏழோடு அதையும் எட்டாவது வரியாகச் சேருங்கள்.

நிரப்பி முடித்த பின் அட்டவணையை இரண்டு திசையில் வாசிக்க வேண்டும். குறுக்கே வாசிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு ‘ஒ’வும் குறைந்தது ஒரு ‘செ’யும் இருக்கிறதா, ‘கே’ இரண்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். கீழ்நோக்கி வாசிப்பதே நம்முடைய இடத்துக்கு அதிகம் பயன்படுவது, ஏனென்றால் ஒரு மனிதரால் இதையெல்லாம் செய்ய முடியுமா என்பது அங்கேதான் தெரியும். நான்காவது வரியைப் பாருங்கள். சந்திகளில் நிற்பது ஆசிரியர்களின் வேலை என்றே முதலில் தோன்றும்; வகுப்பாசிரியர்களுக்குச் ‘செ’ இட்டிருந்தால் குறுக்கு வாசிப்பில் எந்தப் பிழையும் தெரியாது. கீழ்நோக்கி வாசித்து, அந்த நிரலில் இருப்பவர்கள் காலை 5.45க்கு எங்கே இருப்பார்கள் என்று கேட்டால், 21 பேரில் 13 பேர் பஸ்ஸில் இருப்பார்கள் அல்லது இன்னும் பஸ் ஏறியிருக்கமாட்டார்கள் என்பது தெரியவரும். மீதி 8 பேரில் அதிபர், பிரதி அதிபர், விளையாட்டு, முதலுதவிப் பொறுப்பாசிரியர்களைக் கழித்தால் நான்கு பேர். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் ஆள் வேண்டும். அந்தக் காரணத்தால்தான் சந்திகளில் ஆட்களை நிறுத்தும் ‘செ’ அபிவிருத்திச் சங்கப் பிரதிநிதிக்குப் போயிருக்கிறது. ஊரில் உள்ள பெற்றோரை ஒரு சந்திக்கு இருவராக, நான்கு சந்திக்கும் எட்டுப் பேரைச் சேர்ப்பது அவருக்கு இலகு. விழா முடிந்த மாலையில் மைதானத்தைத் துப்புரவு செய்யும் வரியிலும் இதே விடயம் கடைசி பஸ்ஸின் வடிவத்தில் வரும்.

முதலிரு வழிகளில் இந்தத் தடை முன்கூட்டித் தெரியாது. உபகுழுப் பட்டியலில் பெயர் மட்டுமே இருக்கும், நேரம் இருக்காது. முழு அட்டவணையில் நிரல் அறுபது வரி நீளம் என்பதால் அதைக் கீழ்நோக்கி வாசிக்க எவருக்கும் பொறுமை வராது. சிறிய அட்டவணையின் பலம் அது சிறியதாக இருப்பதில்தான் இருக்கிறது.

ஏழாவது வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முடிவுக் கோட்டில் எல்லோருடைய கண்ணும் முதல் பத்துப் பேர் மேல்தான் இருக்கும். இடங்களைக் குறிப்பவர் இருப்பார், நேரத்தைக் குறிப்பவர் இருப்பார். தொடங்கியவர்கள் 64 பேரும் திரும்பி வந்துவிட்டார்களா என்பதைக் குறிப்பவர் தனியாக நியமிக்கப்படாவிட்டால் இருக்கமாட்டார். ஓடி முடித்தவர்கள் 58, வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் 3 என்று வைத்துக்கொண்டால், இன்னும் 3 பேர் எங்கோ இருக்கிறார்கள். களைத்துப்போய் ஒரு மரத்தடியில் அமர்ந்திருக்கலாம், வழியில் தம் வீட்டுக்கே போயிருக்கலாம், உதவி தேவைப்படும் நிலையிலும் இருக்கலாம். ஓட்டம் முடிந்தது என்று சொல்லும் உரிமை, அதாவது சந்திகளில் நிற்பவர்களைக் கலைந்து போகச் சொல்லும் உரிமை, இந்தக் கணக்கு 64க்கு வந்த பிறகே விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்குக் கிடைக்கும் என்று அந்த ‘ஒ’வின் அர்த்தத்தை எழுதிவைக்க வேண்டும். எண்ணுபவரும் ஒப்புதல் தருபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது இந்த வரியில் கட்டாயம். எண்ணியவரே சரி என்று சொன்னால், தவறவிட்டதைத் தவறவிட்டபடியே சரி என்பார்.

பெயரை எழுதுவதா, பதவியை எழுதுவதா என்பதும் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. வருடாந்த இடமாற்றங்கள் வருகிற பருவமும் விழாக் காலமும் ஒன்றையொன்று தொடுகிற நம் பகுதியில், பெயரை மட்டும் எழுதிய அட்டவணை இரண்டு வாரத்தில் பழசாகிவிடலாம். பதவியை மட்டும் எழுதினால், ‘முதலுதவிப் பொறுப்பாசிரியர்’ என்ற இடத்துக்கு எவரும் நியமிக்கப்படாமலேயே நாள் வந்துவிடலாம். அட்டவணையைப் பதவியால் எழுதி, கீழே பதவிக்கு நேரே பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தனியாக எழுதுவது இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். மாற்று ஆள் ‘ஒ’ உடையவர்களுக்கு மட்டும் போதும். எல்லோருக்கும் மாற்று எழுதப் போனால் அட்டவணை இரட்டிப்பாகும். செய்பவர் வராவிட்டால் ‘ஒ’ உடையவர் அந்த இடத்திலேயே வேறொருவரை நியமித்துக்கொள்வார். ‘ஒ’ உடையவரே வராவிட்டால்தான் உண்மையில் கை கட்டப்படும்.

‘அ’ என்ற அடையாளம் தானாக நடந்துவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓட்டம் தள்ளிவைக்கப்பட்டால் அதிபருக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் சங்கப் பிரதிநிதிக்கும் அறிவிக்க வேண்டும் என்று ஐந்தாவது வரி சொல்கிறது. யார் அறிவிப்பது என்று சொல்லவில்லை. வழமையாக அந்த வரியின் ‘செ’ உடையவரே அறிவிப்பவர் என்று பொதுவிதி ஒன்றை அட்டவணையின் தலைப்பில் எழுதிவிடலாம். எதன் மூலம் என்பதும் வேண்டும். ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப் குழு போதுமானது. சந்தியில் நிற்கும் பெற்றோர் எட்டுப் பேருக்கும் அது போதாது. அவர்களில் சிலரிடம் சாதாரணத் தொலைபேசியே இருக்கும், ஆகவே சங்கப் பிரதிநிதி ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல வேண்டும். உடல்நல விபரத்தில் வரும் அறிவித்தல் மட்டும் வேறு வகையானது. ஒரு மாணவருக்கு இழுப்பு இருக்கிறது, அவர் ஓடவில்லை என்ற செய்தி விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு ‘ஓடுபவர் பட்டியலில் இல்லை’ என்ற அளவில் போனால் போதும்; காரணம் முதலுதவிப் பொறுப்பாசிரியரோடு நிற்கட்டும்.

உதவி செய்பவர்களுக்கென்று ஐந்தாவது அடையாளம் ஒன்றைச் சேர்க்கும் வடிவமும் உண்டு. மாணவத் தலைவர்களை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது அது கவர்ச்சியாகத் தோன்றும். முதல் வருடத்தில் வேண்டாம் என்பேன். மாணவத் தலைவர்கள் தண்ணீர் கொடுக்கலாம், கொடி பிடிக்கலாம். அவர்கள் யாருடைய ‘செ’யின் கீழ் நிற்கிறார்களோ அந்த ஆசிரியரின் பொறுப்பில் இருக்கட்டும். அட்டவணையில் அவர்களுக்கு ஓர் அடையாளம் கொடுத்தால், சந்தியில் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டு ஆள் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளும் அபாயம் உண்டு.

இந்தப் பதினைந்து வரி அட்டவணையை ஆக்கக் கூட்டம் ஒன்றே போதும், ஆனால் அது உபகுழுக்கள் அமைத்த அதே கூட்டமாக இருக்கக் கூடாது. குழுக்கள் ஒரு வாரம் வேலை செய்து, எங்கெங்கே ஒன்றையொன்று இடிக்கின்றன என்று அவர்களுக்கே தெரிந்த பிறகு, குழுத் தலைவர்களும் சங்கப் பிரதிநிதியும் மட்டும் இருந்து நிரப்புவது நல்லது. கரும்பலகையில் எழுதி நிரப்புங்கள். ஒவ்வொரு ‘ஒ’வுக்கும் உரியவர் அந்த இடத்திலேயே வாய்விட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு, காலை 6.30க்கு முதலுதவிக்காரர் வரவில்லை என்ற அந்த ஒரு நிலையைச் சொல்லி, விரலை ஐந்தாவது வரியில் வைத்து, அடுத்து யார் என்ன சொல்வார், யார் யாரை அழைப்பார் என்று ஒரு முறை நடந்து பாருங்கள். விரல் ஓர் இடத்தில் நின்று, அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால், அந்தக் கட்டம் இன்னும் நிரம்பவில்லை. அது நிரம்பிய பிறகு அதிபர் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை ஓய்வறையில் ஒட்டி, ‘ஒ’ உடைய நால்வருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். மரதன் காலையில் அது அவர்களுடைய சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும்.